ஸ்பீடோமீட்டர் முள் துள்ளினால் முதலில் எதைப் பார்ப்பது?

வேலை முடிந்து ஜெலுத்தோங் நெடுஞ்சாலை வழியாக ஜார்ஜ்டவுன் பக்கம் போய்க்கொண்டிருந்தபோதுதான் முதலில் கவனித்தேன். என் பழைய கப்சாய் மோட்டார்சைக்கிள் ஒரே சீராக 40இல் போகிறது, த்ராட்டலில் கையை அசைக்கவே இல்லை, ஆனால் முள் மட்டும் 30க்கும் 50க்கும் நடுவில் ஆடிக்கொண்டே இருந்தது. மீட்டர் கெட்டுவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டு ஒரு கடையில் போய்ச் சொன்னேன். அவர்களும் ஒன்றும் கேட்காமல் புது மீட்டரை மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். வீடு வந்து சேர்வதற்குள் புது மீட்டரின் முள்ளும் அதே மாதிரி துள்ள ஆரம்பித்துவிட்டது.

அப்புறம்தான் எங்கள் வீட்டுப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் போர்மேன் அங்கிளிடம் போனேன். அவர் மீட்டரைத் தொடக்கூட இல்லை. "முள் ஆடுறது இருக்கட்டும் தம்பி, கிலோமீட்டர் ஒழுங்கா ஓடுதா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, பார்த்ததே இல்லை. இந்த ஒரு கேள்வியை முதல் கடையில் கேட்டிருந்தால் புது மீட்டருக்கான காசு மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை விளக்கமாக எழுதுகிறேன்.

கேபிள் வைத்த பழைய மோட்டார்களில் வேகம் மீட்டருக்கு வந்து சேரும் வழி மூன்று துண்டுகளாக இருக்கிறது. முன்சக்கரத்தின் பிரேக் தட்டுக்குள் ஒரு சின்னப் பல்சக்கரம், அது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். அதிலிருந்து மேலே மீட்டர் வரைக்கும் ஒரு கேபிள் போகிறது. வெளியே தெரிகிற கறுப்பு உறை அசையாது, உள்ளே இருக்கிற முறுக்குக் கம்பிதான் சுற்றும். பிரேக் கேபிள் மாதிரி இழுக்கிற வேலை இல்லை இதற்கு, சுற்றுகிற வேலை. ஜப்பானிய மோட்டார்களில் பொதுவாக 60 கிலோமீட்டர் வேகத்துக்கு இந்தக் கம்பி நிமிடத்துக்கு 1400 தடவை சுற்றுகிற மாதிரி கணக்கு வைத்திருப்பார்கள். 60இல் போனால் ஒரு நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர், அப்படியென்றால் ஒரு கிலோமீட்டருக்கு 1400 சுற்று. மூன்றாவது துண்டு மீட்டர்.

மீட்டருக்குள் என்ன நடக்கிறது என்பது உண்மையிலேயே அழகான விஷயம். கேபிள் போய்ச் சுற்றுவது முள்ளை இல்லை, ஒரு காந்தத்தை. அந்தக் காந்தத்தை மூடினாற்போல ஒரு மெல்லிய அலுமினியக் கிண்ணம் இருக்கும், முள் அந்தக் கிண்ணத்தோடு ஒட்டியிருக்கும். காந்தமும் கிண்ணமும் ஒன்றையொன்று தொடவே தொடாது. அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது என்று நமக்குத் தெரியும், ஆனால் காந்தம் சுற்றும்போது கிண்ணத்துக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அது கிண்ணத்தையும் அதே திசையில் இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். நல்ல சக்தியுள்ள சின்னக் காந்தம் ஒன்று கையில் இருந்தால், தடிமனான அலுமினியத் தகட்டைச் சாய்த்துப் பிடித்து அதன் மேல் சறுக்கவிட்டுப் பாருங்கள், ஒட்டாமலேயே ஏதோ பிடித்துவைத்த மாதிரி மெதுவாகத்தான் இறங்கும். அதே பிடிப்புதான் இங்கே முள்ளைத் தூக்குகிறது. தலைமுடி மாதிரி ஒரு சுருள்வில் கிண்ணத்தைத் திரும்ப பூஜ்யத்துக்கு இழுக்கும். வேகம் கூடக்கூட காந்தத்தின் பிடி கூடும், வில்லும் பிடியும் சமமாகிற இடத்தில் முள் நிற்கும். ஓட்டோ ஷூல்ட்ஸே என்ற ஜெர்மானியர் 1902இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது, பழைய கப்சாய் மீட்டருக்குள்ளும் இதேதான் இருக்கிறது.

இப்போது போர்மேன் அங்கிள் கேட்ட கேள்விக்கு வருவோம். கிலோமீட்டர் எண்களைச் சுற்றுவது இந்தக் காந்தம் இல்லை. காந்தம் உட்கார்ந்திருக்கும் அதே தண்டில் ஒரு திருகுப் பல் வெட்டியிருப்பார்கள், அது நேராகப் பல்சக்கரங்கள் வழியாக எண்களை நகர்த்தும். ஆக, முள்ளுக்கும் எண்ணுக்கும் கேபிள் ஒன்றுதான், தண்டும் ஒன்றுதான், மீட்டருக்குள் போன பிறகுதான் வழி பிரிகிறது. முள்ளும் செத்து, எண்ணும் நகரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் மீட்டருக்கு வருவதற்கு முன்னாலேயே இருக்கிறது: கேபிள் அறுந்திருக்கும், அல்லது சக்கரத்துப் பல் போயிருக்கும். எண் ஓடுகிறது, முள் மட்டும் அசையவில்லை என்றால் கேபிளைத் தொட வேண்டாம், கிண்ணமோ வில்லோ முள்ளோ பழுது. முள் சரியாகக் காட்டுகிறது, எண் மட்டும் நின்றுவிட்டது என்றால் உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரத்தில் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது. இவ்வளவையும் ஒரு ஸ்பானர்கூட எடுக்காமல், சாலையில் ஒரு கிலோமீட்டர் ஓட்டியே தெரிந்துகொள்ளலாம்.

சரி, முள் துள்ளுகிறது, ஆனால் எண் ஓடுகிறது. என் மோட்டார் அப்படித்தான் இருந்தது. இங்கேதான் பலரும், நானும்தான், மீட்டர் என்று தப்பாக நினைக்கிறோம்.

உள்கம்பி காய்ந்துபோயிருந்தால், அல்லது உறை எங்காவது கடுமையாக மடங்கியிருந்தால், கம்பி அந்த இடத்தில் ஒரு கணம் சிக்கிக்கொள்ளும். கீழே சக்கரம் நிற்காது, அது சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் கம்பி ரப்பர் பேண்ட் மாதிரி முறுக்கேறும். முறுக்கு போதுமான அளவு ஏறியதும் சிக்கு விட்டுப்போய், சேர்ந்த முறுக்கு அத்தனையும் ஒரே மூச்சில் அவிழும். சிக்கியிருந்த நேரத்தில் காந்தம் மெதுவாகிறது, முள் 30க்கு இறங்குகிறது. அவிழும் நேரத்தில் காந்தம் சக்கரத்தைவிட வேகமாகச் சுற்றுகிறது, முள் 50க்குத் தாவுகிறது. ஆனால் கீழே எத்தனை சுற்றோ அத்தனை சுற்றும் கடைசியில் மேலே வந்து சேர்ந்துவிடுகிறது, கொஞ்சம் முன்னே பின்னே, அவ்வளவுதான். அதனால் முள் எவ்வளவு ஆடினாலும் கிலோமீட்டர் கணக்கு சரியாகவே இருக்கும். நான் கைபேசி வரைபடத்தில் 6 கிலோமீட்டர் தூரத்தைக் குறித்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன், மீட்டரிலும் 6 கிலோமீட்டர்தான் கூடியிருந்தது. துள்ளுகிற முள், சரியான கிலோமீட்டர்: இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் கேபிளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மெதுவாகப் போகும்போது ஆட்டம் பெரிதாகத் தெரியும், வேகம் கூடினால் நடுக்கம் மாதிரி சுருங்கிவிடும், அதுவும் கேபிளின் அடையாளம்தான்.

ஏன் சிக்கியது என்பதையும் அங்கிள்தான் காட்டினார். முன்பக்கம் சாமான் கூடை மாட்டியிருந்தேன், மாட்டியவர் கேபிள்களை ஒன்றாகச் சேர்த்துக் கூடையின் கம்பியோடு பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டிவிட்டிருந்தார். ஹேண்டிலை இடது பக்கம் முழுக்கத் திருப்பினால் ஸ்பீடோமீட்டர் கேபிள் அந்தக் கட்டில் ஒடிகிற மாதிரி வளைந்தது. உள்ளே சுற்றுகிற கம்பிக்கு இப்படி வளைவு கூடாது. பொதுவாகச் சொல்லப்படும் அளவு, வளைவின் ஆரம் 15 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஒரு சாப்பாட்டுத் தட்டின் விளிம்பைவிட இறுக்கமாக எங்கேயும் வளையக் கூடாது என்று நினைவு வைத்துக்கொண்டால் போதும்.

"இப்பவே மாத்திடு, அது அறுந்துடும்" என்றார். கடை மூடும் நேரம், நான் அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நாலாவது நாள் முள் பொத்தென்று விழுந்துவிட்டது, எண்ணும் நின்றுவிட்டது.

அறுந்துவிட்டதா என்று நீங்களே பார்க்கலாம், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மீட்டருக்குப் பின்னால் கேபிள் வந்து சேரும் இடத்தில் ஒரு வளைய நட் இருக்கும், அதைக் கையால் அல்லது மெதுவாகப் பிளையரால் கழற்றுங்கள். சில மோட்டார்களில் முன் கவரைக் கழற்றினால்தான் கை போகும். மோட்டாரை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவரைப் பின்னால் உட்காரச் சொன்னால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். சக்கரத்தை ஓடும் திசையில் கையால் சுற்றிவிட்டு, கழற்றிய கேபிளின் வாயைப் பாருங்கள். உள்ளே சதுரமான கம்பி நுனி தெரியும். அது சுற்றினால் சக்கரமும் கேபிளும் நலம், பிரச்சினை மீட்டரில். சுற்றவில்லை என்றால் கீழ்ப்பக்கமும் கழற்றி, கம்பியின் மேல் நுனியை விரலால் திருப்புங்கள். கீழ் நுனி கூடவே திரும்பினால் கம்பி முழுசாக இருக்கிறது, சக்கரத்துப் பல்தான் போயிருக்கிறது. மேலே திருப்பினால் கீழே அசையவில்லையா, நடுவில் அறுந்திருக்கிறது. என்னுடையதை மேலிருந்து உருவியபோது பாதிதான் வந்தது. மீதியைக் கீழ்ப்பக்கமாக எடுத்தோம். அறுந்த முனை துடைப்பம் மாதிரி பிரிந்திருந்தது, உறைக்கு மேல் வைத்து அளந்து பார்த்தால் சரியாகக் கூடையின் கட்டு இருந்த இடம்.

கம்பி அறுபடாமல் காய்ந்து மட்டும் போயிருந்தால் மாற்ற வேண்டும் என்று கட்டாயமில்லை. உருவி எடுத்து, துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, மேசை மேல் வைத்து உருட்டிப் பாருங்கள். நேரான கம்பி சத்தமில்லாமல் உருளும், எங்காவது மடங்கியிருந்தால் அந்த இடத்தில் தட்டித் தட்டித் துள்ளும். துள்ளினால் கிரீஸ் போட்டும் பயனில்லை, மாற்றிவிடுங்கள். நேராக இருந்தால் விரலில் கொஞ்சம் கிரீஸ் எடுத்து மெல்லிசாகத் தடவி உள்ளே விடலாம். ஆனால் மேல்பக்கம், மீட்டரை ஒட்டிய 15 சென்டிமீட்டருக்குத் தடவக் கூடாது. சுற்றுகிற முறுக்குக் கம்பி திருகாணி மாதிரி வேலை செய்து கிரீஸை மேலே மேலே ஏற்றிக்கொண்டே போகும், கடைசியில் அது மீட்டருக்குள் இறங்கி, தொடவே கூடாத காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் முள் தாறுமாறாக அதிகம் காட்டும், மோட்டார் நின்ற பிறகும் சோம்பலாகத்தான் கீழே இறங்கும். கேபிள் வாயில் ஸ்ப்ரே எண்ணெயைப் பீய்ச்சிவிடுவதும் இதே கதியில்தான் முடியும். நல்ல மீட்டரைக் கெடுப்பதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

சக்கரத்துப் பக்கம் ஒரு விஷயம் மட்டும். டயர் மாற்றிய அன்றோ பங்க்சர் ஒட்டிய அன்றோ முள் செத்துப்போனால், அது கேபிள் வயதாகிச் செத்தது இல்லை. பிரேக் தட்டில் உள்ள பல்லைச் சுற்றுவதற்காகச் சக்கரத்தின் நடுப்பகுதியில் இரண்டு சின்ன நாக்குகள் இருக்கும், அவை அதற்குரிய பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். உட்காராமலேயே அச்சு நட்டை முடுக்கினால் நாக்கு நசுங்கிவிடும். உடனே போய் அவிழ்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், நசுங்கியபடியே ஓட்டினால் பல்சக்கரமும் சேர்ந்து போகும்.

பல புது மோட்டார்களிலும் இப்போதைய கார்களிலும் இந்தக் கேபிள் கிடையாது. சக்கரத்திலோ கியர்பாக்ஸிலோ ஒரு சென்சார் இருக்கும். காந்தமோ பல் வெட்டிய வளையமோ அதன் முன்னால் கடந்துபோகும் ஒவ்வொரு தடவையும் அது ஒரு மின்துடிப்பை அனுப்பும். மீட்டருக்குள் இருக்கும் சின்னக் கணினி அந்தத் துடிப்புகளை எண்ணி, ஒரு குட்டி மோட்டாரைக் கொண்டு முள்ளைத் திருப்புகிறது, அல்லது திரையில் எண்ணாகக் காட்டுகிறது. கிலோமீட்டர் கணக்கும் அதே துடிப்புகளிலிருந்துதான் வருகிறது.

அதனால் நோயின் முகமே மாறிவிடுகிறது. கேபிளில் வருவது ஆட்டம். சென்சார் வயரில் வருவது பெரும்பாலும் அறுந்து அறுந்து ஒட்டுகிற கோளாறு: 70 காட்டிக்கொண்டிருந்த முள் திடீரென்று பூஜ்யத்துக்கு விழும், ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கினால் திரும்ப வரும். விழுந்து கிடந்த நேரத்துக்கான துடிப்புகள் வந்து சேரவே இல்லை, ஆகவே கிலோமீட்டரும் குறையும். கேபிள் ஆடினால் தூரம் சரி, சென்சார் விட்டுவிட்டு வந்தால் தூரம் குறைவு. வரைபடத்தில் 10 கிலோமீட்டர் உள்ள வழியில் மீட்டர் 8 தான் கூட்டியிருக்கிறது என்றால், முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டிய அவசியம்கூட இல்லாமல் விஷயம் தெரிந்துவிடும்.

கோலாலம்பூரில் இருக்கும் என் தங்கையின் காரில் இதுதான் நடந்தது. கன மழை பெய்த மறுநாள் மட்டும் முள் விழும், இரண்டு நாள் வெயில் அடித்தால் சரியாகிவிடும். சென்சாரை மாற்றச் சொன்னார்கள். மாற்றுவதற்கு முன் அதன் பிளக்கை மட்டும் கழற்றிப் பார்ப்போம் என்று பார்த்தால், மூன்று பின்களில் ஒன்றில் பச்சை பூத்திருந்தது, ரப்பர் வளையம் கிழிந்து தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. சுத்தம் செய்து புது வளையம் போட்டதோடு சரியாகிவிட்டது. அந்த மூன்று வயர்களில் ஒன்று மின்சாரம், ஒன்று எர்த், ஒன்று துடிப்பு. சென்சாரின் பிளக்கைத் திரும்ப மாட்டிவைத்துச் சாவியைத் திருகி, மல்டிமீட்டரால் அளந்தால் மின்சார வயரில் வண்டியைப் பொறுத்து 5 அல்லது 12 வோல்ட் இருக்க வேண்டும். சக்கரத்தை மெதுவாகச் சுற்றும்போது துடிப்பு வயரில் வோல்ட் ஏறி இறங்கி ஏறி இறங்கி வர வேண்டும். மின்சாரமும் எர்த்தும் வருகிறது, துடிப்பு மட்டும் இல்லை என்றால்தான் சென்சார் மேல் குற்றம் சொல்லலாம். காந்த முனையுள்ள சென்சார் என்றால் கழற்றி முனையைத் துடைத்துவிட்டும் ஒரு தடவை பாருங்கள், இரும்புத் தூள் தாடி மாதிரி ஒட்டியிருக்கும்.

காரில் இன்னொரு தடயமும் உண்டு. அந்த வேகக் கணக்கை மீட்டர் மட்டும் பயன்படுத்துவதில்லை, எஞ்சின் கணினிக்கும் ஆட்டோ கியருக்கும் அது தேவை. முள் சாவதோடு கியர் மாறுவதும் முரடாகி, எஞ்சின் விளக்கும் எரிந்து, ஸ்கேனரில் P0500 என்று வந்தால் வேகக் கணக்கே வரவில்லை என்று அர்த்தம், சென்சார் அல்லது அதன் வயர். முள் மட்டும் செத்து, மற்ற எல்லாம் சாதாரணமாக இருந்தால் மீட்டர் பலகைப் பக்கம் திரும்புங்கள்.

மீட்டர் பலகையைச் சோதிப்பது எளிது. பல வண்டிகளில் சாவியைத் திருகியதும் முட்கள் எல்லாம் ஒரு தடவை மேலே போய்விட்டு இறங்கும். எல்லாம் போய் வருகிறது, வேக முள் மட்டும் அசையவில்லை என்றால் அதன் குட்டி மோட்டாரோ அதன் ஈய ஒட்டோ போயிருக்கிறது. பலகையே மொத்தமாக இருண்டுபோனால் ஃபியூஸ், எர்த், பிளக் என்று பாருங்கள், பலகையை விலைக்கு வாங்குவதற்கு முன். தட்டினால் உயிர் வருகிறது, வெயிலில் நின்ற பிறகு செத்துப்போகிறது என்றால் பெரும்பாலும் ஈய ஒட்டில் விரிசல், மின்னணுப் பழுது பார்ப்பவர் அதைத் திரும்ப ஒட்டித் தருவார். கண்ணாடிக்கு உள்ளே பனி படிந்திருந்தால் தண்ணீர் போகும் வழி இருக்கிறது. மோட்டார் கழுவுமிடத்தில் அழுத்தத் தண்ணீரை நேராக மீட்டரில் அடிக்க விடாதீர்கள்.

என் கப்சாய்க்குத் திரும்ப வருகிறேன். புதுக் கேபிள் போடும் முன் அங்கிள் அறுந்த கம்பியின் ஒரு துண்டை மீட்டரில் செருகி விரலால் திருப்பிப் பார்த்தார், மீட்டர் இறுக்கமாக இருந்தால் புதுக் கேபிளையும் அறுத்துவிடும் என்பதற்காக. லேசாகத் திரும்பியது, முள்ளும் துடித்தது. கூடையின் பட்டையை வெட்டிவிட்டு, கேபிளைக் கூடைக்கு வெளியே அகல வளைவாக விட்டார். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி எங்கேயும் இழுக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் நட்டை முடுக்கினார். அன்றைக்குத் திரும்பும் வழியில் முள் 40இல் ஆணி அடித்த மாதிரி நின்றது. கைபேசியில் 37 காட்டியது, மீட்டர்கள் உண்மை வேகத்துக்குக் கீழே காட்டக் கூடாது என்பதற்காகக் கொஞ்சம் கூட்டியே காட்டுகிற மாதிரி செய்யப்படுபவை, அதனால் அந்த 3 கிலோமீட்டர் கோளாறு இல்லை.

புது மீட்டரோ பூஜ்யத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. பழையது 48,216இல் நின்றது, அதில் ஒரு பழுதும் இருந்ததில்லை. அந்த எண்ணையும் மாற்றிய தேதியையும் ஒரு காகிதத்தில் எழுதி, மீட்டர் வாங்கிய ரசீதோடு சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன், எண்ணெய் மாற்றும்போதெல்லாம் இரண்டையும் கூட்டித்தான் கணக்கு பார்க்கிறேன், மோட்டாரை விற்றால் வாங்குபவரிடம் அந்தக் காகிதமும் போகும்.